பாயின்ட் லோடு இருக்கும் இடத்தில் ஷியர் குதிக்கிறது, மொமெண்ட் மட்டும் ஏன் மடங்குவதோடு நிற்கிறது?

கார்முகில்

வணக்கம். சிவில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

6 மீட்டர் நீளமுள்ள சிம்பிளி சப்போர்ட்டட் பீம். இடது சப்போர்ட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி 30 கிலோநியூட்டன் பாயின்ட் லோடு. வேறு லோடு கிடையாது, பீமின் எடையையும் விட்டுவிடலாம். ரியாக்‌ஷன் இடது பக்கம் 20, வலது பக்கம் 10. இதுவரை எனக்கும் நண்பனுக்கும் ஒரே விடைதான்.

"லோடு இருக்கும் புள்ளியில் ஷியர் ஃபோர்ஸ் எவ்வளவு?" என்ற இடத்தில்தான் சண்டை. நான் 20 என்று எழுதினேன், அவன் −10 என்கிறான். கைடிலும் −10 தான். ஒரே புள்ளியில் இரண்டு மதிப்பு எப்படி இருக்கும்? டயகிராமில் அந்த இடத்தில் நேர்குத்தாக ஒரு கோடு போடுகிறோமே, அதற்கு என்ன பொருள்? அதே புள்ளியில் மொமெண்ட் மட்டும் 40 என்று ஒரே மதிப்போடு அமைதியாக இருக்கிறது, சாய்வு மட்டும் மாறுகிறது. ஷியர் குதித்தால் மொமெண்ட்டும் குதிக்க வேண்டாமா? வகுப்பில் "அது அப்படித்தான், வரைந்துகொள்" என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரேபிடி

இதற்குப் போய் இவ்வளவு யோசிக்க வேண்டாம். போட்டித் தேர்வுக்கு இரண்டு வரி போதும். மொமெண்ட்டின் சாய்வுதான் ஷியர். ஷியர் பூஜ்யமாகும் இடத்தில் மொமெண்ட் அதிகபட்சம். லோடு இருக்கும் இடத்தில் ஷியர் +20-இலிருந்து −10-க்கு இறங்குகிறது, அதாவது பூஜ்யத்தைக் கடக்கிறது. அதனால் பாயின்ட் லோடு எங்கே இருக்கிறதோ அங்கே மொமெண்ட் அதிகபட்சம். இதை மனதில் வைத்தால் எந்தக் கணக்கும் அரை நிமிடம்தான்.

வரைதாள்

ஒரேபிடி சொன்னதில் முதல் வாக்கியம் முழுக்கச் சரி. கடைசி வாக்கியம் இந்தக் கணக்குக்கு மட்டும் சரி. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் தம்பியின் கேள்வி.

ஷியர் என்பது ஒரு புள்ளியில் இருக்கும் பொருள் அல்ல. பீமை ஒரு இடத்தில் வெட்டினால், வெட்டுக்கு இடது பக்கத் துண்டு கீழேயோ மேலேயோ நழுவாமல் இருக்க வலது பக்கத் துண்டு எவ்வளவு பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஷியர். அதனால் "எங்கே வெட்டினாய்?" என்று கேட்காமல் மதிப்பு சொல்ல முடியாது. 1.99 மீட்டரில் வெட்டு. இடது துண்டின் மேல் இருப்பது மேல்நோக்கிய 20 மட்டும், ஆக ஷியர் +20. 2.01 மீட்டரில் வெட்டு. இப்போது லோடும் இடது துண்டின் மேல் வந்துவிட்டது. 20-இலிருந்து 30 கழித்தால் −10. சரியாக 2-இல் வெட்டு என்றால், லோடு கத்திக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நீயே சொல்லியாக வேண்டும். கேள்வித்தாள் அதைச் சொல்லவில்லை. இருவர் விடையும் சரி, கேள்விதான் அரைகுறை. எழுதும்போது "லோடுக்குச் சற்று இடப்பக்கம் +20, சற்று வலப்பக்கம் −10" என்று இரண்டையும் எழுதிவிடு. எந்தத் திருத்துபவரும் குறை சொல்ல முடியாது.

நேர்குத்துக் கோடு எதையும் காட்டுவதில்லை, இரண்டு மதிப்புகளைச் சேர்த்துக் காட்டும் வசதி மட்டுமே. ஆனால் அதன் நீளத்துக்குப் பொருள் உண்டு, அது எப்போதும் லோடின் அளவு. இங்கே 30.

இப்போது லோடைச் சுற்றி ஒரு மெல்லிய சீவலை மட்டும் தனியே எடுத்துப் பார். அகலம் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடது முகத்தில் 20 மேலே தூக்குகிறது, மேலிருந்து 30 அழுத்துகிறது. வலது முகத்தில் மேல்நோக்கி 10 இருந்தால்தான் சீவல் விழாமல் நிற்கும். நம் குறி வழக்கப்படி வலது முகத்தில் மேல்நோக்கிய விசை என்றால் அது −10. இந்தச் சமநிலையில் சீவலின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனி. 2 சென்டிமீட்டரை 2 மில்லிமீட்டராகக் குறைத்தாலும் 30 அப்படியே 30. அதனால்தான் குதிக்கிறது.

அதே சீவலுக்கு மொமெண்ட் சமநிலை எழுதிப் பார். இரண்டு முகத்து மொமெண்ட்டுகளுக்கும் உள்ள வித்தியாசம், இடது ஷியர் பெருக்கல் பாதி அகலம், கூட்டல் வலது ஷியர் பெருக்கல் பாதி அகலம். லோடு நடுவில் இருப்பதால் நடுப்புள்ளியைப் பற்றி அதற்கு மொமெண்ட் இல்லை.

```
dM = 20*0.01 + (-10)*0.01 = 0.1 kNm
```

இங்கே அகலம் வந்துவிட்டது. அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் வித்தியாசமும் பத்தில் ஒன்றாகும். அகலம் பூஜ்யத்தை நெருங்கினால் வித்தியாசமும் போய்விடும். மொமெண்ட் குதிக்க வழியே இல்லை.

கார்முகில்

நன்றி சார். கணக்காகப் புரிகிறது. ஆனால் 30 கிலோநியூட்டன் அங்கே இருக்கிறது என்பது மொமெண்ட்டுக்கு எப்படித் "தெரியும்"? குதிக்காவிட்டால் அந்த லோடின் விளைவு எங்கே போனது?

வரைதாள்

சாய்வுக்குப் போனது. லோடுக்கு 2 மீட்டர் முன்பே தொடங்கிப் பார். இடது ரியாக்‌ஷனிலிருந்து நீ விலகிப் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் மொமெண்ட் 20 கூடுகிறது. 1 மீட்டரில் 20, 2 மீட்டரில் 40. லோடை இப்போதுதான் தாண்டினாய். அது உன் வெட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. விசை பெரியதுதான், ஆனால் தூரம் இல்லை, ஆகவே அதன் மொமெண்ட் பூஜ்யம். 10 சென்டிமீட்டர் தாண்டினால் 3. ஒரு மீட்டர் தாண்டினால் 30. ஷியரில் லோடு முழுதாக ஒரே நொடியில் நுழைந்துவிடும். மொமெண்ட்டில் தூரத்தின் வழியாக மட்டுமே நுழைய முடியும். அதனால் லோடைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் 20 கூடும், கூடவே 30 கழியும். நிகரமாக 10 குறையும். 3 மீட்டரில் 30, 4-இல் 20, 5-இல் 10, வலது சப்போர்ட்டில் பூஜ்யம்.

டபிள்யூ. எச். மெக்காலே 1919-இல் எழுதிய குறிப்பில் உள்ள அடைப்புக்குறி முறை இதைத்தான் ஒரே வரியில் வைத்துக்கொள்கிறது:

```
V = 20 - 30<x-2>^0
M = 20x - 30<x-2>
```

அடைப்புக்குறிக்குள் இருப்பது நெகட்டிவாக இருக்கும்வரை அந்த உறுப்பு இல்லை என்று பொருள். ஷியரில் அடுக்கு 0, ஆகவே 30 முழுதாக வந்து உட்காருகிறது. மொமெண்ட்டில் அடுக்கு 1, பூஜ்யத்திலிருந்து வளர்கிறது.

கொடிக்கயிற்றில் ஓர் ஈரச் சட்டையைத் தொங்கவிட்டால் கயிறு அந்த இடத்தில் மடங்கி நிற்குமே, அறுந்து மேலும் கீழுமாக விலகாது. மொமெண்ட் டயகிராமைத் தலைகீழாகப் பார்த்தால் அதே கயிறுதான், வெறும் உவமைக்காகச் சொல்லவில்லை. கயிற்றின் கிடைமட்ட இழுவிசையை எங்கும் ஒன்றாக வைத்து, அதை அந்தந்த இடத்துத் தொங்கலோடு பெருக்கினால் வருவது அந்த இடத்து மொமெண்ட்.

ஒரேபிடி

சார், என் கடைசி வாக்கியம் இந்தக் கணக்குக்கு மட்டும் என்றால் என்ன அர்த்தம்? பாயின்ட் லோடு இருந்தால் அங்கே உச்சம் வரத்தானே செய்யும்?

வரைதாள்

மடிப்பு வரும். உச்சம் வரலாம், வராமலும் போகலாம். அதே பீமில் 4 மீட்டரில் இன்னொரு 12 கிலோநியூட்டன் வைத்துப் பாருங்கள். ரியாக்‌ஷன் 24-உம் 18-உம். ஷியர் முதலில் +24, முதல் லோடைத் தாண்டியதும் −6, இரண்டாவதைத் தாண்டியதும் −18. மொமெண்ட் முதல் லோடில் 48, இரண்டாவதில் 36. இரண்டாவது லோடில் ஷியர் 12 குதிக்கத்தான் செய்தது, ஆனால் −6-இலிருந்து −18-க்கு. பூஜ்யத்தை அது தொடவேயில்லை. மொமெண்ட் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது, அங்கிருந்து இன்னும் செங்குத்தாக இறங்குகிறது, அவ்வளவுதான். உச்சம் வேண்டுமென்றால் குதிப்பு குறியை மாற்ற வேண்டும்.

பட்டறைவாசி

நான் இன்ஜினியர் இல்லை, பட்டறை வைத்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்களிடம் ஒரு ஷாஃப்ட் திரும்பத் திரும்ப பேரிங் பக்கத்திலேயே உடைகிறது. இரண்டு பேரிங், நடு தூரம் 400 மில்லிமீட்டர். அதற்கு வெளியே 150 மில்லிமீட்டர் தள்ளி புல்லி. பெல்ட் இழுப்பு தோராயமாக 800 நியூட்டன். புல்லி பக்கத்துப் பேரிங் ஓரத்தில்தான் உடைகிறது. அந்த இடத்தில் ஷியர் குதிப்பதால்தான் உடைகிறது என்கிறீர்களா? அப்படியென்றால் குதிக்காமல் இருக்க என்ன செய்வது?

நிலைப்படி

அண்ணா, கேள்வி அது இல்லை, ஆனால் உங்கள் ஷாஃப்ட் இங்கே நல்ல உதாரணம். நான் கட்டட டிசைன் ஆள், இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

பெல்ட் கீழே 800 இழுக்கிறது என்று வைப்போம். தூரத்துப் பேரிங்கை மையமாக எடுத்தால், புல்லி பக்கத்துப் பேரிங் 800 பெருக்கல் 550 வகுத்தல் 400, அதாவது 1100 நியூட்டன் மேலே தாங்க வேண்டும். தூரத்துப் பேரிங் 300 நியூட்டன் கீழே பிடித்து வைக்க வேண்டும். பேரிங்குகளுக்கு நடுவே ஷியர் −300, புல்லி பக்கத்துப் பேரிங்கைத் தாண்டியதும் +800. குதிப்பு 1100, அந்த பேரிங்கின் ரியாக்‌ஷன் அளவே. சப்போர்ட்டும் ஒரு பாயின்ட் லோடுதான், திசை மட்டும் மேல்நோக்கி. மாணவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மொமெண்ட் அந்த பேரிங்கில் 120 நியூட்டன்மீட்டர், ஷாஃப்ட் முழுக்கப் பார்த்தால் அதுதான் உச்சம். உடைவதற்கு முதல் காரணம் அந்த உச்சம். ஷாஃப்ட் சுற்றுவதால் மேல் நார் கீழே வந்து, கீழ் நார் மேலே போய், ஒவ்வொரு சுற்றிலும் இழுவையும் அழுத்தமும் மாறி மாறி வருகின்றன. கூடவே பேரிங் உட்காரக் கடைந்த படி அங்கே இருக்குமே, அதன் மூலை கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். குதிப்பு யாரையும் உடைப்பதில்லை. படியின் மூலையை வளைவாகக் கடையுங்கள், முடிந்தால் புல்லியை உள்ளே தள்ளுங்கள். 150-ஐ 100 ஆக்கினால் மொமெண்ட் 80-க்கு வந்துவிடும்.

பட்டறைவாசி

உடைந்த இடம் படிதான், சரியாகச் சொன்னீர்கள். டூல் முனை கூர்மையாக வைத்துத்தான் கடைகிறோம். பார்க்கிறேன். ஆனால் பெல்ட் இழுப்பு 800 தானா என்பது சந்தேகம், நாங்கள் கையால் அழுத்திப் பார்த்துத்தான் முறுக்குவோம்.

கார்முகில்

அக்கா, சார், இன்னொன்று. மொமெண்ட் கோடு மடங்கினால் உண்மையான பீமும் அந்த இடத்தில் மடங்குமா? ஒரு இரும்பு பீம் மேல் பாரம் வைத்தால் மடிப்பு எதுவும் தெரிவதில்லையே.

வரைதாள்

மடங்காது. டயகிராமின் வடிவத்தையும் பீமின் வடிவத்தையும் குழப்பிக்கொள்ளாதே. மொமெண்ட் நமக்குச் சொல்வது பீமின் வளைவு, அதாவது அந்த இடத்தில் எவ்வளவு கூர்மையாக வளைகிறது என்பது. லோடை நெருங்கும்போது வளைவு சீராகக் கூடிக்கொண்டே வந்து, தாண்டியதும் சீராகக் குறையத் தொடங்குகிறது. வளைவின் கோட்டில்தான் முனை. பீமின் சாய்வு அங்கே தொடர்ந்து ஓடுகிறது, வளைவுகூட அங்கே ஒரே மதிப்புதான். கண்ணுக்கு எதுவும் தெரியாது. பீமே மடங்கித் தெரிகிறது என்றால் அது எலாஸ்டிக் எல்லையைத் தாண்டி அங்கே பிளாஸ்டிக் ஹிஞ்ச் உருவாகிவிட்டது என்று அர்த்தம், அது வேறு கதை.

ஒரேபிடி

உச்சம் பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2 மீட்டரில் ஷியர் எவ்வளவு என்ற கேள்விக்கு நடுமதிப்பு எடுக்கலாமே? 20-க்கும் −10-க்கும் நடுவில் +5. ஸ்டெப் ஃபங்ஷனுக்குக் குதிக்கும் இடத்தில் பாதி என்று கணிதத்தில் எடுப்பார்கள்.

வரைதாள்

கணிதக்காரர்களுக்கு அது வசதி. பீமுக்கு +5 எங்கேயும் வேலை செய்யாது. லோடின் எந்தப் பக்கத்தில் வெட்டினாலும் +5 கிடைக்காது.

நிலைப்படி

முழுக்க அப்படித் தள்ள முடியாது சார். உண்மையில் லோடு புள்ளியில் இருப்பதில்லையே. 30 கிலோநியூட்டன் 20 சென்டிமீட்டர் அகலத் தகட்டின் வழியாகச் சமமாகப் பரவி வருகிறது என்று வைத்தால், 1.9-இலிருந்து 2.1 வரை மீட்டருக்கு 150. ஷியர் 1.9 வரை 20, அங்கிருந்து நேர்கோட்டில் இறங்கி 2.1-இல் −10. நட்ட நடுவில், 2.0-இல், சரியாக +5 தான் வரும். ஒரேபிடி சொன்னது கிடைத்துவிட்டது. ஆனால் லோடு சமமாகப் பரவினால்தான் அது. தகடு ஒரு பக்கம் கூடுதலாக அழுத்தினால் வேறு எண் வரும்.

எனக்கு இதில் பிடித்தது மொமெண்ட். 1.9-இல் 38. ஷியர் பூஜ்யமாவது 20 வகுத்தல் 150, அதாவது 1.9-க்கு அப்பால் 0.133 மீட்டரில். மொமெண்ட் உச்சம் அங்கேதான்:

```
M = 38 + 0.5*20*0.133 = 39.33 kNm
```

பாயின்ட் லோடு என்று எடுத்தபோது 40. முனை மழுங்கி 39.33 ஆகிவிட்டது, இடமும் 3 சென்டிமீட்டர் வலது பக்கம் நகர்ந்துவிட்டது. தகட்டுக்கு வெளியே எதுவும் மாறவில்லை, 2.1-இல் இரண்டு கணக்கிலும் 39 தான். ஆகக் குதிப்பு என்பது வேகமான இறக்கத்தை நாம் எழுதும் சுருக்கம். இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம், அதுவும் பாதுகாப்பான பக்கத்தில். அதனால்தான் பாயின்ட் லோடு என்று எடுப்பதில் யாரும் கவலைப்படுவதில்லை.

வரைதாள்

ஏற்றுக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. தகட்டுக்கு அடியிலேயே பீமுக்குள் அழுத்தம் எப்படி ஓடுகிறது என்பதற்கு இந்தச் சாய்கோடும் உண்மை அல்ல. லோடுக்கு அருகில், தோராயமாக பீமின் ஆழத்தளவு தூரத்துக்கு, பீம் தியரியின் எளிய பரவல் பொருந்தாது. அங்கே ஷியர் மொத்தம் எவ்வளவு என்று சொல்லலாம், அது வெட்டு முகத்தில் எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல்லத் துணியக் கூடாது.

கார்முகில்

எக்செலில் போட்டுப் பார்த்தேன், இப்போது புதுப் பிரச்சினை. 0, 0.5, 1, 1.5 என்று 6 வரை தூரம் போட்டு, ஷியருக்கு இந்த ஃபார்முலா:

```
=20-IF(A2>=2,30,0)
```

அடுத்த நெடுவரிசையில் ஷியர் டயகிராமின் பரப்பைக் கூட்டிக் கூட்டி மொமெண்ட் எடுத்தேன், இரண்டு வரிசைகளின் சராசரியைப் படி அளவால் பெருக்கி. கிராஃபில் நேர்குத்துக் கோடு வரவில்லை, சாய்ந்து வருகிறது. மொமெண்ட் 2 மீட்டரில் 40-க்குப் பதில் 32.5. கடைசியில் பூஜ்யம் வர வேண்டும், −7.5 வருகிறது. `>=` என்பதை `>` என்று மாற்றினால் 2 மீட்டரில் 40 சரியாக வருகிறது, ஆனால் 2.5-இல் 42.5, கடைசியில் +7.5.

நிலைப்படி

அழகான பிழை தம்பி. நீ எழுதிய ஃபார்முலா தப்பில்லை. 2 மீட்டருக்கு ஒரே வரிசை கொடுத்ததுதான் சிக்கல். `>=` போட்டால் எக்செல் 1.5-இல் 20, 2-இல் −10 என்று பார்க்கிறது. நடுவில் நேர்கோடு போட்டு, சராசரி 5, பெருக்கல் 0.5, ஆக 2.5 மட்டும் கூட்டுகிறது. உண்மையில் அந்த அரை மீட்டர் முழுக்க ஷியர் 20, கூட்ட வேண்டியது 10. ஏழரை காணாமல் போய்விட்டது, அதுவே கடைசிவரை தொடர்கிறது. `>` போட்டால் அதே ஏழரை அடுத்த அரை மீட்டரில் கூடுதலாகச் சேர்கிறது.

தீர்வு, 2 மீட்டரை இரண்டு முறை எழுது. ஒரு வரிசையில் 2, 20. அடுத்த வரிசையில் 2, −10. இரண்டுக்கும் இடையே படி அளவு பூஜ்யம், பரப்பு பூஜ்யம், கிராஃபில் நேர்குத்துக் கோடு தானாக வரும். படியைச் சின்னதாக்கியும் பிழையைக் குறைக்கலாம், ஆனால் போகாது. பிழை எப்போதும் லோடு பெருக்கல் பாதிப் படி. 0.1 மீட்டர் படி வைத்தால் 1.5 மிச்சம் நிற்கும்.

ஆபீஸில் சாஃப்ட்வேர் டயகிராமைப் பார்க்கும்போதும் இந்தச் சாய்கோட்டைக் கண்டால் நான் நின்றுவிடுவேன். பீமை எத்தனை துண்டாகப் பிரித்து மதிப்பு எடுக்கிறது, லோடு துண்டின் ஓரத்தில் இருக்கிறதா நடுவிலா என்று பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் உச்ச மொமெண்ட்டே அச்சில் வராமல் போகலாம்.

கார்முகில்

இரண்டு வரிசை போட்டேன். 2-இல் 40, கடைசியில் 0. நன்றி அக்கா.

கம்பிகட்டு

சைட்டில் இருக்கிறேன், படிக்க நேரம் இப்போதுதான் கிடைத்தது. இதே அளவில் ஒரு மெயின் பீம், 2 மீட்டரில் ஒரு செகண்டரி பீம் வந்து சேர்கிறது. இடது பக்கம் ஷியர் 20, வலது பக்கம் 10 என்றால், வலது பக்கம் ரிங் இடைவெளியை அகலமாக வைக்கலாமே? டிராயிங்கில் லோடுக்கு வலது பக்கமும் கொஞ்ச தூரம் நெருக்கமாகவே போட்டிருக்கிறார்கள். டயகிராம்படி 2 மீட்டரைத் தாண்டிய அடுத்த ரிங்கிலிருந்தே மாற்றலாம் என்பது என் வாதம்.

நிலைப்படி

மாற்றாதீர்கள். விரிசல் டயகிராமைப் பார்த்து நேர்குத்தாக வருவதில்லை, சாய்வாக வரும். லோடுக்குப் பக்கத்தில் ஒரு ஆழத்தளவு தூரத்தில் இரண்டு பக்க ஷியரும் கலந்துதான் இருக்கும். அதைவிட, செகண்டரி பீம் மெயின் பீமின் தலைமேல் உட்காரவில்லை, பக்கவாட்டில் வந்து சேர்கிறது. அதன் லோடு மெயின் பீமின் கீழ்ப்பகுதியில்தான் பெரும்பாலும் இறங்கும். அதை மேலே தூக்கிக் கொடுக்கத் தனியாகத் தொங்கல் ரிங் வேண்டும். 30-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 45 கிலோநியூட்டன். 415 கிரேடு கம்பியில் அதற்கு 125 சதுர மில்லிமீட்டர் வேண்டும். இரண்டு கால் 8 மில்லிமீட்டர் ரிங் ஒன்று 100 தருகிறது, ஆக இரண்டு ரிங். இவை ஷியருக்குப் போட்டதோடு கூடுதலாக, சந்திப்புக்கு உள்ளேயும் மிக அருகிலும். உங்கள் டிராயிங்கில் நெருக்கமாக இருப்பது இதற்காகத்தான் இருக்கும்.

கம்பிகட்டு

தொங்கல் ரிங் தனி விஷயம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் தாண்டி அரை மீட்டர் நெருக்கமாக இருக்கிறதே? வலது பக்கம் 10 தானே. ஐ.எஸ். 456-இல் ரிங் இடைவெளி 0.75 மடங்கு எஃபெக்டிவ் டெப்த், அல்லது 300 மில்லிமீட்டர், எது குறைவோ அது என்று மேல்வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குப் போனாலே அங்கே போதும்.

வரைதாள்

கணக்கின்படி உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பீம் ஆழத்தளவு மட்டும் நெருக்கத்தை நீட்டி, பிறகு மாற்றினால் எனக்குப் போதும் என்று தோன்றுகிறது.

நிலைப்படி

எனக்கு அது போதாது சார். செகண்டரி பீமின் லோடு எப்போதும் 30 என்று யார் சொன்னது? மேலே தண்ணீர்த் தொட்டி வைத்துவிடுவார்கள், தடுப்புச் சுவர் நகர்த்துவார்கள். லோடு கொஞ்சம் நகர்ந்தாலும் 20 இருந்த இடமும் 10 இருந்த இடமும் நகரும். அரை மீட்டரில் மிச்சமாகும் ரிங் இரண்டோ மூன்றோ. அதற்காக நான் டிராயிங்கை மாற்ற மாட்டேன்.

கம்பிகட்டு

ஒரு பீமுக்கு மூன்று ரிங். ஒரு மாடிக்கு நாற்பது பீம். கான்ட்ராக்டரிடம் நீங்களே பேசுங்கள்.